‘ரெடியா என்ன இருக்கு?’ – அலுவலக மதிய நேரத்துக்கு ஒரு காம்போ ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி

மதியம் ஒரு மணிக்கு மெஸ்ஸில் போய் அமர்ந்து, ‘என்ன இருக்கு?’ என்று கேட்டால், பரிமாறுபவர் ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து பெயர்களை ஒப்பிப்பார். அதே ஆளிடம், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, ‘ரெடியா என்ன இருக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘மீல்ஸ் ரெடி சார், உட்காருங்க, இலை போடறேன்’ என்று பதில் வரும். முதல் கேள்விக்கு வந்தது பட்டியல். இரண்டாவது கேள்விக்கு வந்ததோ ஒரு முடிவு. அவசரத்தில் இருப்பவருக்குப் பதிலாகப் பரிமாறுபவரே எடுத்துத் தந்த முடிவு. கிளவுட் கிச்சன் ஒன்று அலுவலக ஊழியர்களுக்காக எழுதும் மதிய காம்போ ஸ்கிரிப்ட் என்பது இந்த இரண்டாவது பதில்தான். அதை எழுதத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் முதல் பதிலை எழுதிவிடுகிறார்கள் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

கிளவுட் கிச்சன் என்பது உட்கார்ந்து சாப்பிட இடமில்லாத, ஆர்டருக்கு மட்டுமே சமைத்து அனுப்புகிற சமையற்கூடம். அதற்குத் தெருவைப் பார்த்த பெயர்ப்பலகை இல்லை. வாசலில் நிற்கும்போது மூக்கில் ஏறும் தாளிப்பு வாசனை இல்லை. பக்கத்து மேசையில் ஒருவர் சாப்பிடுவதைப் பார்த்து ‘எனக்கும் அதே’ என்று சொல்லும் வசதியும் இல்லை. இவை எல்லாவற்றின் வேலையையும் கைபேசித் திரையில் ஓடும் இருபது நொடிக் காணொளி செய்தாக வேண்டும். அந்தக் காணொளியில் எந்த நொடியில் எது தெரிய வேண்டும், எந்தச் சொல் காதில் விழ வேண்டும் என்று எழுதிவைக்கும் தாளையே இங்கே ஸ்கிரிப்ட் என்கிறோம். காம்போ என்பது ஒரே விலையில் ஒன்றாகக் கட்டித் தரப்படும் சாப்பாட்டுத் தொகுப்பு. தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு என்பதற்காக மட்டும் அலுவலக ஊழியர் அதை வாங்குவதில்லை. எதற்கு எது தொடுகறி, இது வயிற்றுக்குப் போதுமா என்று யோசிக்கிற வேலையை அது மிச்சப்படுத்துகிறது.

அவசரத்தில் ஆர்டர் செய்பவர் மனத்தில் ஓடும் கேள்விகள் மூன்றே மூன்று. என்ன சாப்பாடு, மொத்தம் எவ்வளவு ஆகும், எத்தனை மணிக்குக் கைக்கு வரும். ஒன்றே கால் மணிக்கு மீட்டிங் இருப்பவருக்கு இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் போதும். கிடைக்காவிட்டால், எவ்வளவு ருசியான படத்தைக் காட்டினாலும் அவர் விரல் அடுத்த காணொளிக்கு நகர்ந்துவிடும்.

ஒரு பழைய ஸ்கிரிப்ட், ஒரு புதிய ஸ்கிரிப்ட்

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை, அதாவது ஓ.எம்.ஆரை ஒட்டி, துரைப்பாக்கம் பக்கத்தில் இயங்கிய ஒரு சிறிய கிளவுட் கிச்சனுக்காக நான் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்த அனுபவத்தை வைத்தே மற்றவற்றை விளக்குகிறேன். அவர்களிடம் ஏற்கெனவே ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. உரிமையாளர் தாமே எழுதியது.

> வணக்கம் நண்பர்களே! சுவையும் தரமும் ஒன்றிணைந்த எங்கள் சமையலறையில், பாட்டி கைப்பக்குவத்தில், பாரம்பரிய முறையில் தயாரிக்கப்பட்ட விதவிதமான மதிய உணவுகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. சாம்பார் சாதம், தயிர் சாதம், லெமன் சாதம், புளியோதரை என்று பல வகைகள் உண்டு. இன்றே ஆர்டர் செய்யுங்கள், உங்கள் மேசைக்கே சுடச்சுட வந்து சேரும்!

இதில் பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எதுவும் இல்லை. அவர் தம் சமையலை உண்மையாகவே நேசித்துத்தான் எழுதியிருந்தார். ஆனால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு வாசித்துப் பார்த்தபோது, முதன்முதலாக ஒரு சாப்பாட்டின் பெயர் காதில் விழுவதற்குள் ஏறக்குறைய 14 நொடிகள் ஓடிவிட்டன. அதன் பிறகும் நான்கு சாதங்களின் பெயர்கள் வந்தனவே தவிர, அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற பாரம் பார்ப்பவர் தலையிலேயே இருந்தது. விலை இல்லை. நேரம் இல்லை. ‘இன்றே’ என்று ஒரு சொல் இருந்தது. ஆனால் பசியோடு இருப்பவர் கேட்பது ‘எத்தனை மணிக்கு’ என்றுதான்.

பல திருத்தங்களுக்குப் பிறகு படமாக்கப்பட்ட ஸ்கிரிப்ட் இது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இருப்பவை நொடிகள்.

> 0–4: மணி பதினொண்ணு தாண்டியாச்சு. மதியச் சாப்பாடு சொல்லியாச்சா?
>
> 4–9: சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், தயிர் சாதம், ஊறுகாய். ஒரே பார்சல்ல.
>
> 9–11: எல்லாம் சேர்த்து நூத்தி அறுபது ரூபா.
>
> 11–16: பன்னெண்டு மணிக்குள்ள சொன்னா, ஒரு மணிக்குள்ள உங்க பில்டிங் வாசல்ல இருக்கும்.
>
> 16–20: கீழ இருக்கிற பட்டனைத் தொடுங்க, பில்டிங் பேரை அனுப்புங்க.

இரண்டையும் எண்ணிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும்: இரண்டிலும் 36 சொற்கள்தான். ஆனால் பழையதை இயல்பான வேகத்தில் வாசிக்க 23, 24 நொடிகள் பிடிக்கின்றன. புதியது 20 நொடிகளில் முடிந்துவிடுகிறது. தமிழில் ‘தயாரிக்கப்பட்ட’ என்பதும் ஒரு சொல், ‘ஒரே’ என்பதும் ஒரு சொல். ஆகவே, ஸ்கிரிப்ட்டின் நீளத்தைச் சொற்களின் எண்ணிக்கையால் அளப்பது தமிழுக்குப் பொருந்தாது. வாய்விட்டு வாசித்து, கைபேசியில் நேரத்தை அளந்து பார்ப்பது ஒன்றே சரியான வழி. மேலும், புதிய ஸ்கிரிப்ட் பேச்சுத் தமிழில் இருப்பதைக் கவனியுங்கள். ‘பன்னிரண்டு மணிக்குள் சொன்னால்’ என்று எழுத்துத் தமிழில் பேசினால் அது அறிவிப்பாகிவிடும். ‘பன்னெண்டு மணிக்குள்ள சொன்னா’ என்னும்போது பக்கத்து இருக்கைக்காரர் பேசுவதுபோல இருக்கும். அதே சமயம் ‘சொல்லியாச்சா மச்சி’ என்ற அளவுக்கு இறங்கவும் கூடாது. பார்ப்பவர் இருபத்திரண்டு வயதுக்காரராகவும் இருக்கலாம், ஐம்பது வயது மேலாளராகவும் இருக்கலாம். ‘தொடுங்க’, ‘அனுப்புங்க’ என்ற மரியாதை இருவருக்கும் பொருந்தும்.

முதல் வரியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. முதலில் ‘மணி பதினொன்றரை’ என்றுதான் எழுதியிருந்தேன். ஆனால் காணொளி 11 மணியிலிருந்து 12 மணி வரை ஓடப்போகிறது; 11.10க்குப் பார்ப்பவருக்கு அது தவறான மணி. ‘பதினொண்ணு தாண்டியாச்சு’ என்று மாற்றியபோது அந்த ஒரு மணி நேரம் முழுவதற்கும் அது உண்மையாகிவிட்டது. இதனாலேயே, இந்த ஸ்கிரிப்ட்டை 11 மணிக்கு முன்போ 12 மணிக்குப் பின்போ ஓடவிடக் கூடாது. சமூக ஊடக விளம்பரங்களை எந்த மணியிலிருந்து எந்த மணி வரை காட்டலாம் என்று வரையறுக்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் நாள் முழுவதும் ஓடவிட்டால், மாலை நான்கு மணிக்கு மதியச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும் காணொளியைக் கிச்சன் காசு கொடுத்துக் காட்டிக்கொண்டிருக்கும்.

எழுதுவதற்கு முன் டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும்

ஸ்கிரிப்ட்டில் எந்த உணவின் பெயர் வரலாம் என்பதைத் தீர்மானிப்பது எழுதுபவரின் ரசனை அல்ல, மூடிய டப்பாவுக்குள் நாற்பது நிமிடங்கள் இருந்த பிறகு அந்த உணவு எப்படி இருக்கிறது என்பதுதான். அந்தக் கிச்சனின் பழைய காம்போவில் அப்பளம் இருந்தது. சூடான சாதத்துக்கு மேல் அப்பளத்தை வைத்து மூடினால், சாதத்திலிருந்து எழும் ஆவி மூடியில் நீராகப் படிந்து, பத்தே நிமிடத்தில் அப்பளம் தோல்போலத் துவண்டுவிடும். காணொளியில் அப்பளத்தை நொறுக்கும் ஓசையைக் கேட்டுவிட்டு வாங்கியவர், டப்பாவில் துவண்ட அப்பளத்தைப் பார்க்கும்போது ஏமாற்றம் இரட்டிப்பாகும். ஆகவே அப்பளம் நீக்கப்பட்டு, நேரம் ஆனாலும் கெடாத உருளைக்கிழங்கு வறுவல் வந்தது.

சாம்பார் சாதமும் அப்படித்தான். இறக்கும்போது தளர்வாக இருப்பது, ஆற ஆறச் சாதமும் பருப்பும் நீரை இழுத்துக்கொண்டு கெட்டியாகிவிடும். சாப்பிடும் நேரத்தில் சரியான பதத்தில் இருக்க வேண்டுமென்றால், கட்டும் நேரத்தில் சற்று அதிகமாகவே தளர்ந்திருக்க வேண்டும். தயிர் சாதத்தில் தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்டிப் பிசைந்தால்தான் மதியத்துக்குள் புளிக்காமல் இருக்கும். அதுவும் சூடான சாம்பார் சாதத்தோடு ஒரே தட்டில் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தால் இரண்டும் கெடும். எனவே தயிர் சாதம் தனிக் கிண்ணத்துக்குப் போனது. ஸ்கிரிப்ட்டில் ‘ஒரே டப்பால’ என்று எழுதியிருந்ததை ‘ஒரே பார்சல்ல’ என்று மாற்றியதற்குக் காரணம் இதுதான். ஒரு சொல்தான் மாறியது. ஆனால் பழைய சொல் நின்றிருந்தால், இரண்டு டப்பாக்களைக் கையில் வாங்கியவருக்குக் காணொளியின் மற்ற வரிகள்மீதும் சந்தேகம் வந்திருக்கும்.

‘சுடச்சுட’ என்ற சொல்லையும் இதே சோதனைதான் வெளியேற்றியது. சமைத்த சூடான உணவை வைத்திருக்கும்போது 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. கிச்சனுக்குள் அதைக் கடைப்பிடித்தார்கள். ஆனால் கட்டி, வண்டியில் ஏற்றி, கட்டட வாசலில் இறக்கி, ஊழியர் கீழே வந்து எடுத்துக்கொண்டு மேலே போய்ப் பிரிக்கும்போது சாதம் வெதுவெதுப்பாக இருந்ததே தவிர, சுடவில்லை. வெதுவெதுப்பான சாம்பார் சாதம் நல்ல சாப்பாடுதான். ‘சுடச்சுட’ என்று சொல்லிவிட்டு அனுப்பினால்தான் அது ஆறிப்போன சாப்பாடாகத் தோன்றும்.

நேரத்தைச் சொல்லும் வரி

ஐந்து வரிகளில் எனக்கு அதிக நாட்கள் பிடித்தது நான்காவது வரிதான். ‘அரை மணி நேரத்தில் வரும்’ என்று எழுதுவது எளிது. கேட்கவும் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அலுவலக ஊழியர் மனத்தில் ஓடுவது நிமிடக் கணக்கு அல்ல, மணிக் கணக்கு. அவருடைய சாப்பாட்டு இடைவேளை ஒரு மணிக்கு என்றால், 11.20க்கு ஆர்டர் செய்து 11.50க்கு வந்து நிற்கும் சாப்பாடு அவருக்குத் தொந்தரவு. எப்போது சொன்னாலும் அது ஒரு மணிக்கு இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்குத் தேவை.

கிச்சனுக்கும் இது வசதி. ஒவ்வோர் ஆர்டரையும் தனித்தனியாக அனுப்புவதற்குப் பதில், 12 மணிக்கு ஆர்டரை மூடி, எல்லாவற்றையும் ஒரே நடையில் அனுப்பலாம். அவர்களிடம் ஒரு லோடு ஆட்டோ இருந்தது. ஓ.எம்.ஆரை அறிந்தவர்களுக்குத் தெரியும்: எதிர்ப்புறம் இருக்கும் கட்டடம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், ஆனால் யூ-டர்ன் எடுத்துப் போய்ச் சேர்வதற்குள் நேரம் ஓடிவிடும். மெட்ரோ ரயில் பணிகளுக்காகத் தடுப்பு போட்டுச் சாலை குறுகிய இடங்களில் இன்னும் மோசம். அதனால் சாலையின் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருந்த நான்கு அலுவலகக் கட்டடங்களை மட்டும் தேர்ந்தெடுத்தோம். ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு முன், ஐந்து வேலை நாட்கள் அந்த ஆட்டோவை வெறும் டப்பாக்களோடு ஓட்டிப் பார்த்தார்கள். 12.20க்குக் கட்டி முடித்து, 12.25க்குக் கிளம்பினால், முதல் கட்டடத்தை 12.35 வாக்கிலும் நான்காவது கட்டடத்தை 12.53 வாக்கிலும் அடைய முடிந்தது. ஏழு நிமிடம் கையிருப்பு. அந்த ஏழு நிமிடத்தை நம்பித்தான் ‘ஒரு மணிக்குள்ள’ என்ற சொற்கள் எழுதப்பட்டன. உரிமையாளர் ‘பன்னெண்டே முக்காலுக்கே வந்துடும்’ என்று சொல்ல விரும்பினார். அது முதல் இரண்டு கட்டடங்களுக்கு உண்மை, மற்ற இரண்டுக்கும் பொய்.

‘உங்கள் மேசைக்கே’ என்பதும் இங்கேதான் மாறியது. பெரிய ஐ.டி. கட்டடங்களில் உணவு கொண்டுவருபவர் பாதுகாவலரின் மேசையைத் தாண்டி உள்ளே போக முடியாது. ‘மேசைக்கே வரும்’ என்று கேட்டவர் எட்டாவது மாடியில் காத்திருப்பார். கொண்டுவந்தவர் வாசலில் நின்று தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருப்பார். அடுத்த கட்டடத்துக்குப் போக வேண்டிய ஆட்டோ அங்கேயே நிற்கும். ஒரே ஒரு சொல் தப்பாக இருந்ததால் நாலு கட்டடத்துக்கும் தாமதம். ‘பில்டிங் வாசல்ல இருக்கும்’ என்று சொல்லிவிட்டால், கேட்பவர் லிஃப்ட்டுக்கு ஆகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்கிறார். அது குறைவான வாக்குறுதிதான். ஆனால் வண்டி அங்கே போய்ச் சேரும்.

மழை பெய்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். ஓ.எம்.ஆரில் பெருமழை நாளில் ஏழு நிமிடக் கையிருப்பு எதற்கும் உதவாது. அப்படிப்பட்ட நாட்களில் காணொளியை நிறுத்திவைப்பது என்று முடிவெடுத்தோம். ‘மழை நாட்களில் தாமதமாகலாம்’ என்று மூலையில் சிறிய எழுத்தில் போடலாமே என்ற யோசனை வந்தது; அது சரியான வழியல்ல. தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய அரசு 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, இப்படிப்பட்ட பொறுப்புத்துறப்புக் குறிப்பு விளம்பரத்தின் முக்கியக் கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், எளிதில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். முக்கியக் கூற்றுக்கு முரணாகவும் இருக்கக் கூடாது. தமிழில் ‘ஒரு மணிக்குள்ள’ என்று உரக்கச் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் நிபந்தனையைப் பொடி எழுத்தில் ஒளிப்பது விதிக்கும் புறம்பு, வாங்குபவருக்கும் அநியாயம்.

விலையைச் சொல்லும் வரி

உணவு ஆப்களில் ஒரு சாப்பாட்டுக்குப் பக்கத்தில் காணும் விலையும், பணம் கட்டும் திரையில் தெரியும் தொகையும் ஒன்றல்ல என்பது எல்லோருக்கும் அனுபவம். பேக்கிங், டெலிவரி, ஆப்பின் கட்டணம், ஜி.எஸ்.டி. என்று ஒவ்வொன்றாகச் சேரும். இதனால் அவசரத்தில் இருப்பவர் விலையைக் கேட்டதும் நம்புவதில்லை. ‘கடைசியில் எவ்வளவு வரும்?’ என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போடுகிறார், அந்தக் கணக்கில் நேரம் போகிறது. இந்தக் கிச்சன் வாட்ஸ்அப் மூலம் நேரடியாக ஆர்டர் வாங்கி, தன் வண்டியிலேயே கொண்டுபோனதால், ஒரே தொகையைச் சொல்ல முடிந்தது. உணவுக்கும் பேக்கிங்குக்கும் கொண்டுவருவதற்கும் சேர்த்து 152 ரூபாய் 38 காசு, அதன்மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. 7 ரூபாய் 62 காசு, ஆக 160 ரூபாய். இதை ‘149 மட்டுமே, பேக்கிங்கும் வரியும் தனி’ என்றும் சொல்லியிருக்கலாம். அந்த 11 ரூபாய் வித்தியாசத்தால் கிடைக்கும் கவர்ச்சியைவிட, ‘எல்லாம் சேர்த்து’ என்ற இரண்டு சொற்களுக்கு அலுவலக ஊழியரிடம் மதிப்பு அதிகம் என்பது என் உறுதியான கருத்து. ஆப் வழியாக மட்டுமே விற்கும் கிச்சனுக்கு இந்த வரி பொருந்தாது. வீட்டுக்கு வீடு தொகை மாறும்போது ‘எல்லாம் சேர்த்து’ என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லை. அவர்கள் பேக்கிங் உள்பட ஒரு விலையைச் சொல்லி, டெலிவரி தனி என்பதையும் அதே வரியில் சொல்லிவிடலாம்.

ஓசையில்லாமலும் புரிய வேண்டும்

அலுவலகத்தில் ஒலியை நிறுத்திவைத்துத்தான் கைபேசியைப் பார்ப்பார்கள். குரலில் உள்ள மூன்று பதில்களும் திரையில் எழுத்தாகவும் வர வேண்டும். குரலில் ‘நூத்தி அறுபது’ என்றால் திரையில் ‘₹160’ என்று எண்ணாக, திரையின் நடுவில், பெரிதாக. மிகக் கீழே போட்டால் காணொளிக்கு மேல் வரும் பட்டன்களும் பெயரும் அதை மறைத்துவிடும். சைவம் என்று குரலில் சொல்லத் தேவையில்லை. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் கொண்ட குறி ஒரு மூலையில் இருந்தால் கண்ணே புரிந்துகொள்ளும். கடைசி நொடிகளில் கிச்சனின் பெயருக்குக் கீழே அதன் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைக் காட்டினோம். உட்கார்ந்து பார்க்க இடமில்லாத கடைக்கு அது ஒரு முகவரி மாதிரி.

படத்தில் டப்பாவை மேலிருந்து காட்டியபோது ஒரு பிழை நேர்ந்தது. காணொளி ஓடிய முதல் நாள், வாட்ஸ்அப்பில் வந்த பலருடைய முதல் கேள்வி, ‘இது ஒருத்தருக்குப் போதுமா?’ என்பதாக இருந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் டப்பாவின் ஆழம் தெரியவில்லை. அது சிறு கிண்ணமா பெரிய டப்பாவா என்று அளக்கப் பக்கத்தில் எதுவும் இல்லை. நான் மூன்று கேள்விகள் என்று எண்ணியிருந்ததில் ‘என்ன சாப்பாடு’ என்பதற்குள் ‘எவ்வளவு சாப்பாடு’ என்பதும் அடங்கியிருக்கிறது என்பதை அன்றுதான் கவனித்தேன். இதற்குக் குரலில் இன்னொரு வரி சேர்த்திருந்தால் 20 நொடியைத் தாண்டியிருக்கும். பதிலாக, டப்பாவின் பக்கத்தில் ஒரு சாதாரணத் தேக்கரண்டியை வைத்துச் சாய்வாகப் படமெடுத்து, திரையில் ‘ஒருவருக்கு – 500 கிராம்’ என்று எழுதினோம். சாம்பார் சாதம் 350, தயிர் சாதம் 150. வறுவல் இதில் சேராது. மறுநாளிலிருந்து அந்தக் கேள்வி அரிதாகிவிட்டது.

ஸ்கிரிப்ட் சரியாக இருக்கிறதா என்று அறிய எனக்குத் தெரிந்த நம்பகமான வழி இதுதான். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையைவிட, பார்த்தவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை ஒரு வாரத்துக்குத் தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். விலை கேட்டுப் பலர் வந்தால் விலை வரி காதிலோ கண்ணிலோ படவில்லை. ‘எப்ப வரும்?’ என்று வந்தால் நேர வரி விழவில்லை. கட்டடத்தின் பெயரை மட்டும் அனுப்பிவிட்டு வேறு எதுவும் கேட்காமல் இருந்தால், அந்த ஸ்கிரிப்ட் தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள்.

அப்படிப் பெயர் அனுப்பியவருக்குப் போகும் பதிலும் ஸ்கிரிப்ட்டின் தொடர்ச்சியே. காணொளியில் ஒரே சாப்பாட்டைச் சொல்லிவிட்டு, பதிலில் பன்னிரண்டு உணவுகள் கொண்ட மெனுவை அனுப்பினால், மிச்சப்படுத்திய யோசனையை மறுபடி அவர் தலையில் ஏற்றுவதாகும். இந்தக் கிச்சன் அனுப்பிய பதில் இவ்வளவுதான்:

> உங்கள் கட்டடத்துக்கு வருகிறோம். சாம்பார் சாதம் காம்போ ஒன்றுக்கு 160 ரூபாய். எத்தனை வேண்டும் என்று எண்ணை மட்டும் அனுப்புங்கள். கீழுள்ள யூ.பி.ஐ. எண்ணுக்குப் பணம் வந்ததும் உறுதி செய்கிறோம். ஒரு மணிக்குள் வாசலில் பெற்றுக்கொள்ளலாம்.

நான்கு கட்டடங்களுக்கு வெளியே இருந்து கேட்பவருக்கு, ‘மன்னிக்கவும், உங்கள் கட்டடத்துக்கு இப்போது வருவதில்லை’ என்று உடனே பதில் போனது. 12 மணிக்கு மேல் கேட்டவருக்கும் அப்படியே. ‘முயற்சி செய்கிறோம்’ என்று இழுத்தடிக்கவில்லை. பசியோடு இருப்பவருக்கு வேறு இடத்தில் ஆர்டர் செய்ய இன்னும் நேரம் இருக்கும்போதே மறுப்பைச் சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாக ஒன்று. அந்தக் கிச்சன் ஒரு மதியத்துக்கு 90 பார்சல்தான் கட்ட முடியும். சில நாட்களில் 11.40க்கே 90 ஆர்டரும் வந்துவிடும். அதற்குச் சற்று முன்பே காணொளியை நிறுத்த வேண்டிய பொறுப்பை, ஆர்டரை எழுதிக்கொள்ளும் பெண்ணிடமே கொடுத்திருந்தார்கள். அவர் எழுதும் நோட்டில் 85ஆம் வரிசைக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு இருக்கும்; கோட்டைத் தொட்டதும் பேனாவை வைத்துவிட்டு, கைபேசியை எடுத்து விளம்பரத்தை நிறுத்துவார். மீதி ஐந்து, ஏற்கெனவே காணொளியைப் பார்த்துவிட்டுக் கட்டடத்தின் பெயரைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பவர்களுக்கு.